அந்தமானில் எதற்குத் தாராளம், எதற்குச் சிக்கனம்?

கேள்வி: நாங்கள் நாலு பேர். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், 66 வயது அத்தை (மாமியார்). அரையாண்டு விடுமுறையில் ஐந்து இரவு அந்தமான் போக ஆசை. விமான டிக்கெட் உட்பட ஒன்றரை லட்சத்துக்கு மேல் முடியாது. ஏஜென்ட் 1,91,700 சொல்கிறார், மதியமும் இரவும் சாப்பாடு தனி. மகளுக்குக் கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அத்தைக்கு செல்லுலார் ஜெயில் பார்க்க வேண்டும். கணவருக்கு நல்ல மீன் போதும். எனக்கு ஒரு கடற்கரையில் அவசரமில்லாமல் உட்கார வேண்டும். எதை வெட்டுவது? வெட்டினால் "இவ்வளவு தூரம் வந்தும் கஞ்சத்தனமா" என்று தோன்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேக்கேஜ் விவரத்தை இணைத்திருக்கிறேன். (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: பேக்கேஜைப் பார்த்தேன். ஏஜென்ட் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றும் சந்தை விலையில்தான் இருக்கிறது. குறை வேறு இடத்தில். கடற்கரை காட்டேஜ், கப்பலில் மேல் வகுப்பு, மெழுகுவர்த்தி டின்னர், ஐந்து நாளும் தனி கார் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. உங்கள் மகள் கேட்ட ஸ்கூபா மட்டும் "விருப்பப்பட்டால், கூடுதல் கட்டணம்" என்று கடைசி வரியில் நிற்கிறது. நீங்கள் கேட்டதை வெளியே வைத்துவிட்டு, கேட்காததற்கெல்லாம் காசு வாங்கும் பேக்கேஜ் இது.

அந்தமானுக்குத் திட்டம் போடும்போது முதலில் கவனிக்க வேண்டியது சூரியனை. நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஏப்ரலில் ஐந்தரைக்கு. காலையில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்து, பஃபேயில் சாப்பிட்டு, பத்தரைக்குக் கிளம்பினால் பாதி நாள் போயிருக்கும். அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பகல் வெளிச்சத்தைத்தான். நான் கீழே சொல்லும் எல்லாக் கணக்கும் இதிலிருந்து வருவதுதான். பகலில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தரும் செலவைத் தாராளமாகச் செய்யுங்கள். கண்ணை மூடித் தூங்கும் நேரத்துக்கும், உட்காரும் இருக்கையின் பெயருக்கும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

விமானத்திலிருந்து தொடங்குகிறேன். ஏஜென்ட் போட்டிருப்பது மதிய விமானம். பெட்டியை எடுத்து, ஹோட்டலில் நுழைந்து, முகம் கழுவி வெளியே வரும்போது வெளிச்சம் போய்விடும், முதல் நாள் காலி. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் பயணம். காலை விமானம் ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அதிகம் என்றாலும் அதை எடுங்கள். அரைப் பகலை இதைவிட மலிவாக வேறு எப்படியும் வாங்க முடியாது. நீங்கள் இருப்பதோ குரோம்பேட்டை, விமான நிலையம் பக்கம். விடியற்காலையில் கிளம்புவது உங்களுக்குப் பெரிய சிரமமும் இல்லை.

ஆனால் அதே விமானத்தில்தான் பெரிய தொகையை மிச்சப்படுத்தவும் முடியும். தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அந்தமானில் எல்லாமே உச்ச விலை. மகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், ஏப்ரல் கடைசியில் போனால் டிக்கெட்டும் அறையும் இறங்கியிருக்கும். கடலும் அப்போதுதான் அமைதி. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொடுவது வழக்கமாக மே மூன்றாவது வாரத்தை ஒட்டி, அதனால் மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் இருக்கும், மறுக்கவில்லை. பதினொன்று முதல் மூன்று மணி வரை அத்தையை வெளியே அழைத்துப் போக முடியாது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், கடலுக்குள் இறங்கப் போகும் மகளுக்கு அதுதான் முக்கியம்.

அடுத்து, பேக்கேஜில் நெரிசலாகப் போட்டிருக்கும் ஊர்கள். போர்ட் பிளேர் (இப்போது அதிகாரப்பூர்வமாக ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக் (சுவராஜ் தீவு), நீல் (ஷாஹீத் தீவு), நடுவில் ஒரு நாள் பாராடாங். ஐந்து இரவில் நாலு இடம். தீவு மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்து, ஜெட்டியில் வரிசையில் நின்று, கப்பலில் போய், இறங்கி, அடுத்த அறை தயாராகும் வரை வரவேற்பறையில் உட்கார வேண்டும். கப்பல் பயணம் ஒரு மணி நேரம்தான் என்பார்கள், ஆனால் பகலில் பாதியைத் தின்றுவிடும். நீல் அழகான தீவு, சந்தேகமில்லை. இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம். பாராடாங்கும் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் காத்திருந்து, ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காட்டு வழியாக மணிக்கணக்கில் காரில் போய், படகேறி, நடந்து சுண்ணாம்புக் குகையைப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். 66 வயதுக்காரரை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை. அவர் கேட்டதும் குகை இல்லை, ஜெயில்.

இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ஹேவ்லாக்கில் மூன்று முழு இரவு கிடைக்கும். அவசரமில்லாமல் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அது இந்த மூன்றாவது இரவில்தான் நடக்கும். இரண்டு இரவு தங்குகிறவர்கள் ராதாநகரை ஒரு மாலை ஓடிப் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் இரண்டாவது முறையும் போகலாம், அதுவும் மூன்று மணிக்கே.

இப்போது அறை. ஹேவ்லாக்கில் கடலை ஒட்டிய காட்டேஜுக்கு இரவுக்கு 8,500 வீதம் இரண்டு அறை போட்டிருக்கிறார். விடுதிகள் பெரும்பாலும் இருப்பது தீவின் கிழக்குப் பக்கம், கோவிந்த் நகர், விஜய நகர் பகுதியில். அந்தப் பக்கக் கடல் ஆழமில்லாதது. நீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து வெகுதூரம் பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும், முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது. நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும், அந்த நேரமும் தினமும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப் போகும். விளம்பரப் படத்தை நிறைந்த நீரில் எடுத்திருப்பார்கள். நீங்கள் இருக்கும் மூன்று நாளில் பகலில் நீர் நிறைந்திருப்பது எப்போது என்பது நிலாவின் கையில் இருக்கிறது. எல்லோரும் பேசும் அந்த வெள்ளை மணல் கடற்கரையான ராதாநகர் மேற்குப் பக்கம் இருக்கிறது. ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். கிழக்குப் பக்கம் எந்த விடுதியில் தங்கினாலும் அங்கே வண்டியில்தான் போக வேண்டும். நுழைவுக்கு யாரும் அறைச் சாவியைக் கேட்பதில்லை.

ஆகவே, சாலைக்கு இந்தப் பக்கம், கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் சுத்தமான ஏசி அறை போதும். 3,500 ரூபாய் அளவில் கிடைக்கும். கிழக்குக் கரையின் சூரிய உதயம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதை ஐந்து நிமிடம் நடந்து போய்ப் பார்த்தாலும் அதே உதயம்தான். முன்பதிவுக்கு முன் விடுதிக்குப் போன் செய்து "நீர் வற்றும்போது உங்கள் கடற்கரையில் குளிக்க முடியுமா" என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் விஷயம் புரிந்துவிடும். தங்கியவர்கள் போடும் படங்களில் காலையில் எடுத்தவற்றையும் மாலையில் எடுத்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியும்.

அறையில் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால், அத்தைக்காக இரண்டு விஷயங்களுக்கு. தரைத்தள அறை, மின்சாரம் போனால் ஏசியையும் ஓட்டும் ஜெனரேட்டர். தீவில் மின்வெட்டு புதிதில்லை. ஜெனரேட்டர் உண்டு என்பார்கள், அது விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டுமா, ஏசிக்குமா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு அவதிப்பட்டவர்கள் நிறைய.

கப்பலில் வகுப்பு பார்த்துச் செலவழிப்பது எனக்குப் புரியாத ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பல் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் போகும். மேல் வகுப்பில் உட்கார்ந்தாலும் கீழ் வகுப்பில் உட்கார்ந்தாலும் அதே கப்பல், அதே அலை, கரை சேர்வதும் அதே நேரத்தில். கூடுதல் காசுக்கு இருக்கை கொஞ்சம் அகலமாக இருக்கும், இறங்கும்போது பத்து நிமிடம் முந்தலாம், அவ்வளவுதான். அலையில் குமட்டல் வருகிறவருக்கு மேல் தளம் இன்னும் மோசம், ஆட்டம் அங்கேதான் அதிகம். கீழ்த் தளத்தில் நடுப்பகுதியில் இடம் கேளுங்கள். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். காலை முதல் கப்பலுக்குப் பதிவு செய்யுங்கள், மிச்சமாகும் பகல் அதில்தான் இருக்கிறது. அரசுக் கப்பல் இதைவிட மிக மலிவு. ஆனால் டிக்கெட் கிடைப்பது நிச்சயமில்லை, மெதுவாகவும் போகும். தனியாகத் திரியும் இளைஞர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அத்தையோடு வேண்டாம்.

இனி தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம், ஸ்கூபா. இங்கே மட்டும் விலை குறைந்த இடத்தைத் தேடாதீர்கள். முதல் முறை இறங்குகிறவர்களுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பத்து வயது நிரம்பினால் போதும், உங்கள் மகள் இறங்கலாம். ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே இறங்கும் ஸ்கூபாவும் உண்டு, படகில் போய் இறங்குவதும் உண்டு. படகு ஸ்கூபாவுக்கு விலை அதிகம். முதல் முறைக்கு அது தேவையில்லை, மூச்சு விடப் பழகுவதிலேயே கவனம் எல்லாம் போய்விடும். காசு போக வேண்டியது பயிற்சியாளருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், நீருக்குள் போகும் முழு நேரமும் கையைப் பிடித்தபடி கூடவே இருப்பாரா? ஆழமில்லாத தண்ணீரில் எவ்வளவு நேரம் பழக்குவார்கள்? அதைக் கழித்துவிட்டு, ஆழத்தில் எத்தனை நிமிடம்? இந்த மூன்றையும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் குறைவாகச் சொல்லும் இடத்தில் பழக்கும் நேரத்தைத்தான் குறைத்திருப்பார்கள். குழந்தை காதுவலியோடு ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிடும், காசும் போகும், ஆசையும் போகும். ஆளுக்கு 4,500 என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன், விலை இடத்துக்கு இடம் மாறும்.

நல்ல இடமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. இறங்குவதற்கு முன் உடல்நிலைப் படிவம் ஒன்றைக் கொடுத்து ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். கேட்காமலே உடையை மாட்டினால் வேறு இடம் பாருங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது, காது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. இதற்காகவும்தான் மூன்று இரவு. முதல் நாள் முடியாவிட்டால் அடுத்த நாள் இருக்கிறது. இன்னொன்று, ஸ்கூபா முடிந்து பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு முறை இறங்கியவருக்குப் பன்னிரண்டு போதும் என்பார்கள், குழந்தை விஷயத்தில் நான் பதினெட்டுக்குக் குறைக்க மாட்டேன். கடைசி நாளுக்கு ஒத்திப் போடாதீர்கள்.

ஸ்கூபாவுக்குப் பிறகு கடலடி நடை எல்லாம் எதற்கு? ஏஜென்ட் நீர் விளையாட்டுக்கு 14,000 போட்டிருப்பதில் கடலடி நடையும் கண்ணாடிப் படகும் பெரும்பங்கு. தலையில் கனமான கவசத்தைக் கவிழ்த்துத் தரையில் நடக்கவிடும் அதை, ஸ்கூபா போகாதவர்களுக்குப் பரிந்துரைப்பேன். எலிபன்ட் பீச்சுக்கு மட்டும் ஒரு காலை போய்வாருங்கள். படகு டிக்கெட்டோடு சின்ன ஸ்னார்க்கலிங்கும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பவளத்தைக் கரைக்கு மிக அருகிலேயே பார்க்கலாம். ஏறி இறங்குவது அத்தைக்குக் கஷ்டம், அன்றைக்கு உங்களில் ஒருவர் அவரோடு அறையில் இருந்துவிடுங்கள்.

கார் விஷயம் சுருக்கம். ஹேவ்லாக் சின்னத் தீவு, நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வைக்க வேலை இல்லை. பக்கத்துக் கடைவீதிக்கு ஆட்டோ, ராதாநகர் போகும் இரண்டு மாலையும் ஏசி காரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அங்கிருந்து திரும்ப வண்டி தேடுவது வீண் தொல்லை, அத்தைக்கு நடுவில் களைத்தால் உட்காரவும் இடமாகும். ராதாநகரில் குளிப்பதற்குக் குறித்திருக்கும் இடத்திலேயே குளியுங்கள். உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை வேடிக்கைக்கு வைத்ததல்ல.

அத்தையின் ஜெயிலுக்கு நுழைவுக் கட்டணம் சொற்பம். 1906ல் கட்டி முடித்த ஏழு சிறகுகளில் இன்று மூன்றுதான் நிற்கின்றன. சும்மா சுற்றினால் வெறும் வராந்தாக்களும் கம்பிக் கதவுகளும். நல்ல வழிகாட்டி ஒருவரை அமர்த்தினால் எந்த இடத்தில் செக்கிழுக்க வைத்தார்கள், தூக்குமேடை எங்கே, ஏன் ஒரு அறையின் கதவு இன்னொரு அறையின் முதுகைப் பார்த்து இருக்கிறது என்று காட்டுவார். சில நூறு ரூபாயில் அத்தையின் பயணம் நிறைந்துவிடும். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், தமிழில் சொல்பவர் வேண்டும் என்று விடுதியிலேயே சொல்லி வையுங்கள். மாலை ஒலி ஒளிக் காட்சி பெரும்பாலும் இந்தி, சில காட்சிகள் ஆங்கிலம். அத்தைக்கு மொழி புரியாது என்றால் அதை விட்டுவிட்டுப் பகலில் நிதானமாகப் பாருங்கள்.

கணவரின் மீனுக்கு மெழுகுவர்த்தி டின்னர் வேண்டாம். 4,500 ரூபாயில் பாதி மணலில் போடும் மேசைக்கும் துணிக்கும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பலர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள், கடைவீதிச் சாப்பாட்டுக் கடைகளில் கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்பும் சோறும் மதியத்துக்குப் பிரமாதம். ஒரு ராத்திரி மட்டும் முழு மீனைச் சுடச் சொல்லிச் சாப்பிடுங்கள். எடை போட்டு விலை சொல்வார்கள், எடையையும் விலையையும் அடுப்பில் வைப்பதற்கு முன்பே கேளுங்கள். சிங்கி இறால் என்றால் கண்டிப்பாக.

சரி, கணக்கு. ஏப்ரல் கடைசிக்கு, தோராயமாக. காலை விமானம் நாலு பேருக்கு 48,000. ஹேவ்லாக்கில் மூன்று இரவு, போர்ட் பிளேரில் இரண்டு இரவு, இரண்டிரண்டு அறைகளுக்கு 31,000. கப்பல் போக வர 12,800. வண்டிக்கு 12,000. மூன்று பேருக்கு ஸ்கூபா 13,500. எலிபன்ட் பீச்சுக்கு 3,500, ஜெயிலும் வழிகாட்டியும் போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவுக்குப் படகும் சேர்த்து 3,500, சாப்பாடு 15,000. மொத்தம் 1,39,300. மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சத்தை உடனே எதிலும் போடாதீர்கள். கப்பல் ரத்தானால் ஒரு இரவு கூடுதலாகத் தங்க அது வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்திருக்கிறேன். ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் வந்து மதிய விமானம் ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடல் கொந்தளித்தால் நாலு டிக்கெட்டும் போய்விடும். அந்த ஒரு இரவின் 5,000 ரூபாய் இந்தத் திட்டத்தில் எதையும் காட்டாத செலவுதான், ஆனால் நான் கடைசிவரை வெட்டாத செலவும் அதுதான்.

டிசம்பர்தான் முடியும் என்றால் விமானம் 70,000ஐ ஒட்டிப் போகும், அறையும் ஏறும். அப்போது ஒன்றரை லட்சத்தை ஒட்டியாவது நிற்க ஒரு இரவைக் குறையுங்கள். ஹேவ்லாக்கில் மூன்றை இரண்டாக்குங்கள், ஸ்கூபாவையும் காலை விமானத்தையும் தொடாதீர்கள்.

ஏஜென்டை விட வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். மொத்தமாகத்தான் சொல்வேன் என்றால், விமானத்தை நீங்களே எடுத்துவிட்டு, கப்பல், அறை, வண்டியை மட்டும் அவரிடம் விடுங்கள். விமானத்துக்கு அடுத்து உடனே பதிவு செய்ய வேண்டியது கப்பல், காலைக் கப்பல் இடம் முதலில் தீர்ந்துவிடும். நாலு பேரின் அசல் அடையாள அட்டையும் வேண்டும், மகளுக்கு ஆதார் மறக்காதீர்கள். கணவருக்கோ உங்களுக்கோ சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை இருந்தால், ஸ்கூபாவுக்குத் தகுதி உண்டு என்று இங்கேயே டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிப் பையில் வையுங்கள். அங்கே படிவத்தில் "ஆம்" என்று எழுதிய பிறகு சான்று இல்லாவிட்டால் இறங்க விட மாட்டார்கள்.